ஒரு நாளைச் சொல்லுங்கள்: நடத்தைசார் நேர்காணலில் ஸ்டார் முறை

“கோபத்தில் இருந்த வாடிக்கையாளர் ஒருவரை நீங்கள் சமாளித்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்” என்று நேர்காணலில் கேட்கிறார்கள். எதிரே இருப்பவர் உடனே, “நான் எப்போதும் பொறுமையாக இருப்பேன், வாடிக்கையாளர் சொல்வதை முழுமையாகக் கேட்பேன், அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வேன்” என்கிறார். பதிலில் தவறான சொல் எதுவுமில்லை, ஆனாலும் கேட்டவர் சற்று நிறுத்தி, “சரி, அப்படி ஒரு நாள் என்ன நடந்தது?” என்று மறுபடி கேட்கிறார். விண்ணப்பதாரர் தாம் முதலில் சொன்னதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமலேயே அந்தக் கேள்வி முடிந்துபோகிறது.

வாடிக்கையாளர் சேவை, மனிதவளம், அலுவலக நிர்வாகம், கொள்முதல் போன்ற பணிகளுக்குப் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் நேர்காணல்களில் இது அன்றாடம் நடக்கிறது. நான் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். என் முதல் அனுபவத்தில் அந்த விண்ணப்பதாரர் நானேதான். திறமை குறைவு என்பதைவிட, பழகிய நேர்காணல் வேறு, வந்து அமர்ந்திருக்கும் நேர்காணல் வேறு என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

நமக்குப் பழகிய நேர்காணலில் சொந்த ஊர் எது, அந்த மாவட்டத்தின் சிறப்பு என்ன, தந்தை என்ன செய்கிறார், இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 வாய்மொழித் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு இந்தத் தடம் நன்றாகத் தெரியும். அங்கே “நீங்கள் அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்பது வழக்கமான கேள்வி, தெளிவான கொள்கையும் நிதானமான பேச்சுமே அதற்கு நல்ல பதில். நடத்தைசார் நேர்காணல் கேட்பது இனிமேல் செய்யப்போவதை அல்ல, முன்பு செய்ததை. “என்ன செய்வீர்கள்” என்பதற்கும் “என்ன செய்தீர்கள்” என்பதற்கும் காலம் காட்டும் இடைநிலைதான் வேறுபாடு என்றாலும், எதிர்பார்க்கப்படும் பதில் முற்றிலும் வேறாகிவிடுகிறது.

இப்படிக் கேட்பதன் வேரை இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க விமானப்படையில் காணலாம். அங்கே விமானிகளின் தேர்வையும் பயிற்சியையும் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் ஃபிளானகனும் அவருடைய குழுவினரும், நல்ல விமானிக்கு என்ன குணம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் “துணிச்சல்”, “தலைமைப் பண்பு” என்ற சொற்கள்தான் கிடைக்கும் என்பதை உணர்ந்து, குறிப்பிட்ட ஒரு பறப்பில் யார் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பதிவுசெய்யத் தொடங்கினர். அந்த முறையை ஃபிளானகன் 1954இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். வேலைக்கு ஆள் எடுப்போர் பின்னர் இதே எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் குணங்களைச் சரிபார்க்க வழியில்லை. நடந்த ஒன்றைச் சொன்னால் அதைத் துருவிக் கேட்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த நிகழ்வைச் சொல்வதற்கான எளிய சட்டகம்தான் ஸ்டார் முறை. சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. தமிழில் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே, எப்போது, என்ன சிக்கல் என்பது சூழல். அதில் உங்கள் தலையில் விழுந்தது எது என்பது பொறுப்பு. நீங்கள் ஒவ்வொன்றாகச் செய்தது செயல். அதனால் கடைசியில் என்ன ஆயிற்று என்பது விளைவு. இவை நான்கும் சம அளவில் இருக்க வேண்டியதில்லை. இரண்டு முதல் மூன்று நிமிடப் பதிலில் சூழலும் பொறுப்பும் சேர்ந்து அரை நிமிடத்தில் முடிந்து, பாதிக்கு மேற்பட்ட நேரம் செயலுக்குக் கிடைத்தால் பதில் சரியான எடையில் இருக்கிறது என்று பொருள். கதை சொல்லிப் பழகிய நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் சூழலிலேயே இரண்டு நிமிடத்தைச் செலவிட்டுவிட்டு, “பிறகு எப்படியோ சரிசெய்துவிட்டோம்” என்று ஒரே வரியில் செயலைக் கடந்துவிடுகிறோம்.

ஒரு நிகழ்வை முழுமையாகப் பார்க்கலாம். தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டு கவுன்ட்டரில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் குழுத் தலைவர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் இருந்த வாடிக்கையாளரைப் பற்றிய அதே கேள்வி அவரிடம் கேட்கப்படுகிறது. அவருடைய முதல் பதில் இப்படி இருக்கிறது:

“எங்கள் கவுன்ட்டரில் டிஸ்சார்ஜ் நேரத்தில் தினமும் சண்டைதான். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒப்புதல் வரத் தாமதமாகும், நோயாளியின் வீட்டார் எங்களிடம் கத்துவார்கள். ஒருமுறை ஒரு பெரியவரின் மகன் மிகவும் சத்தம் போட்டார். நாங்கள் அவரைச் சமாதானப்படுத்தி, காப்பீட்டு நிறுவனத்துக்காக ஃபைல்களைச் சரிபார்க்கும் டி.பி.ஏ.விடம் பேசி, சாயங்காலத்துக்குள் அனுப்பிவைத்தோம். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.”

இது உண்மையான நிகழ்வு. அந்த அளவில் கொள்கை பேசுவதைவிட மேல். ஆனால் நேர்காணல் நடத்துபவரின் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் இந்தக் கேள்வியால் எந்தத் திறனை அளக்கிறார் என்பதும், எப்படிப்பட்ட சான்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதும் எழுதப்பட்டிருக்கும். பிரிட்டன் அரசின் சிவில் சர்வீஸ் இந்த அளவுகோலைப் பொதுவெளியிலேயே வைத்திருக்கிறது: ஒவ்வொரு நடத்தைக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், சான்று எதுவுமே இல்லையென்றால் 1, ஏற்கத்தக்க அளவு சான்றுக்கு 4. தனியார் நிறுவனங்களின் தாள் வேறுபடலாம், ஆனால் பார்வை இதுதான். “சமாதானப்படுத்தி” என்ற ஒரு சொல்லைக் கேட்டு அந்தத் தாளில் எழுத எதுவுமில்லை. என்ன சொல்லிச் சமாதானப்படுத்தினார்? யார் பேசினார்கள்? டி.பி.ஏ.விடம் என்ன பேசியதால் தாமதம் தீர்ந்தது? மதிப்பெண்ணுக்குரிய பகுதி முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் மூடிக் கிடக்கிறது.

அதே நிகழ்வை, அன்று நடந்ததை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தபின் அவர் இப்படிச் சொல்லலாம். நேர்காணலில் ஆங்கிலத்தில் சொல்வார். இங்கே தமிழில் தருகிறேன்.

“சென்ற ஆண்டு எங்கள் மருத்துவமனையில் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு முதியவருக்குக் காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள். மாலை 3.30 மணி ஆகியும் காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை. அவருடைய மகன் கவுன்ட்டரில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம்போட்டார். அந்த ஷிஃப்ட்டில் காப்பீட்டு ஃபைல்கள் என் பொறுப்பு. அவரை அமைதிப்படுத்துவதோடு, ஒப்புதல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும் என் வேலையாக இருந்தது.

“முதலில் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, ‘எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நானே வந்து சொல்கிறேன்’ என்றேன். எங்கள் பிரிவின் பொது மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, 12.50க்கே டி.பி.ஏ.விடமிருந்து ஒரு கேள்வி வந்து யாரும் பார்க்காமல் கிடந்தது. உள்ளே பொருத்திய இம்ப்ளான்ட்டின் ஸ்டிக்கர் நகலைக் கேட்டிருந்தார்கள். வார்டுக்குப் போய் கேஸ் ஷீட்டிலிருந்து அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து 4.05க்கு ஏற்றினேன். ஏற்றியதோடு விடாமல் டி.பி.ஏ.வின் எண்ணுக்கு அழைத்து, ஃபைல் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டேன். பிறகு மகனிடம் போய், தாமதம் எங்கள் பக்கம்தான் என்று சொன்னேன். ஒப்புதல் வந்தாலும் வராவிட்டாலும் 4.30க்கு வந்து நிலைமையைச் சொல்வதாகக் கூறி, அப்படியே போய்ச் சொன்னேன். கூடுதல் அறை வாடகை சேர்ந்துவிடுமோ என்று அவர் பயந்தார். அதை முடிவுசெய்யும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதால் மேலாளரிடம் நடந்ததை விளக்கி, வாடகை சேர்க்காமலிருக்க அனுமதி வாங்கினேன்.

“5.20க்கு ஒப்புதல் வந்தது, ஆறு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். மறுநாள் முந்தைய மாதத்து மின்னஞ்சல்களை எண்ணிப் பார்த்தேன். கேள்வியைப் பார்க்காமல் விட்டதால் மட்டும் ஒன்பது டிஸ்சார்ஜ் தாமதமாகியிருந்தது. மணிக்கொருமுறை பெட்டியைப் பார்த்து நோட்டில் கையெழுத்திட வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லி நடைமுறைப்படுத்தினேன். அடுத்த மாதம் அது இரண்டாகக் குறைந்தது.”

பேசினால் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் வரும். இந்தப் பதிலில் அவர் தம்மைப் பற்றி ஒரு நல்ல சொல்கூடச் சொல்லவில்லை. “பொறுமை” என்ற சொல் எங்குமில்லை, ஆனால் கத்துகிறவரை உட்காரவைத்துப் பத்து நிமிட அவகாசம் கேட்டதில் அது இருக்கிறது. “நேர்மை” என்ற சொல்லும் இல்லை. தாமதம் எங்கள் பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டதில் இருக்கிறது. தாளில் எழுதுபவருக்குத் தேவையானவை இவைதான். விளைவில் வரும் எண்களையும் கவனியுங்கள். ஒன்பது, இரண்டு என்பவை பெரிய சாதனைகள் அல்ல. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அவரால் சொல்ல முடியும். “வாடிக்கையாளர் திருப்தி 40 சதவீதம் உயர்ந்தது” என்று பலர் சொல்வார்கள். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அளக்காத ஒன்றுக்கு எண் சொல்வதைவிட, “அவர் ஆறு மாதம் கழித்துத் தம் தாயாரையும் எங்களிடமே அழைத்துவந்தார்” என்பதைப் போன்ற, கண்ணால் கண்ட விளைவைச் சொல்வது பாதுகாப்பானது.

இரண்டு பதில்களுக்குமிடையே இன்னொரு மாற்றமும் இருக்கிறது. முதலில் “நாங்கள்”, இரண்டாவதில் “நான்”. நம்மவர்களுக்கு மிகக் கடினமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். “நான் செய்தேன், நான் செய்தேன்” என்று சொல்வது தற்பெருமை என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். தமிழ் இலக்கணமும் அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது: “ஏற்றினேன்”, “கேட்டேன்” என்று வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் எழுவாயைச் சொல்லத் தேவையில்லை. அதே மனப்பழக்கத்தோடு ஆங்கிலத்தில் பேசும்போது வினைச்சொல்லில் ஆள் தெரியாது. எனவே எழுவாய் விடுபட்டுப்போகும், அல்லது “வீ” என்று பன்மையாகிவிடும், அல்லது “கம்ப்ளெயின்ட் வாஸ் ரிசால்வ்ட்” என்று செய்தவரே இல்லாத வாக்கியமாகிவிடும். நேர்காணல் நடத்துபவர் இதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வதில்லை. வேறு யாரோ செய்ததை அருகிலிருந்து பார்த்தவர் என்றுதான் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அதற்காகக் குழுவை மறைக்க வேண்டியதில்லை. மேலே உள்ள பதிலில் அனுமதி கொடுத்தவர் மேலாளர் என்பது தெளிவாகவே வருகிறது. சூழலையும் விளைவையும் சொல்லும்போது “எங்கள் கவுன்ட்டர்”, “எங்கள் பிரிவு” என்று தாராளமாகச் சொல்லலாம். செயல் பகுதிக்கு வந்ததும், மற்றவர் செய்ததை அவர் பெயருக்கும் தாம் செய்ததைத் தம் பெயருக்கும் எழுதினால் போதும். தயாராகும்போது தம் பதிலைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டு, செயல் பகுதியில் “வீ” எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் “அதில் யார்?” என்று கேட்டுப் பதில் எழுதினால், பாதி “ஐ” ஆகிவிடும், மீதி வெட்டத்தக்கவை என்று தெரியும்.

இனி நிகழ்வுகளை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதிலை மனப்பாடம் செய்வது வீண் வேலை. கேள்வி சற்று மாறி வந்தாலே அது உடைந்துவிடும். வேலை அறிவிப்பை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் வினைகளுக்குக் கீழே கோடிடுங்கள். குழுத் தலைவர் பணி என்றால் “முன்னுரிமை வகுத்தல்”, “புகார்களைக் கையாளுதல்”, “மற்ற பிரிவுகளோடு ஒருங்கிணைத்தல்” என்று நான்கைந்து கிடைக்கும். பிறகு கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்த ஆறு ஏழு நிகழ்வுகளைத் தலைப்பாக மட்டும் எழுதுங்கள். நினைவுக்கு வரவில்லையென்றால், எந்த நாளில் வீட்டுக்குத் தாமதமாகப் போனீர்கள், யார் உங்களுக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்கள், எந்த நடைமுறை உங்களால் மாறியது என்று கேட்டுப் பார்த்தால் வரும். ஒவ்வொரு நிகழ்வும் எந்தெந்த வினைக்குப் பொருந்தும் என்று எதிரே குறியுங்கள். மேலே பார்த்த டிஸ்சார்ஜ் நிகழ்வு கோபத்தைக் கையாண்டதற்கும், நடைமுறையை மாற்றியதற்கும், தம் அதிகாரத்துக்கு மேலானதை மேலாளரிடம் கொண்டுபோனதற்கும் பொருந்துகிறது. கேள்விக்கேற்ப எந்தப் பகுதியில் நிற்பது என்பதுதான் மாறும். நிகழ்வைச் சொல்லும்போது நோயாளியின் பெயர், முன்னாள் நிறுவனத்தின் உள்விவரம் போன்றவை வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் ஏற்பட்டால் நல்ல பதிலும் பயன்படாது.

வேலை அனுபவமே இல்லாத புதியவர்கள் கல்லூரி விழாவுக்குச் செலவுக் கணக்கு பார்த்தது, என்.எஸ்.எஸ். முகாமில் சாப்பாட்டு ஏற்பாடு செய்தது, சொந்தக்காரரின் கடையில் தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்தது ஆகியவற்றைச் சொல்லலாம். நிகழ்வின் அளவு சிறியதாக இருப்பது குறையல்ல. செயல் உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்ட கேள்விக்குப் பொருத்தமான நிகழ்வே உங்கள் வாழ்க்கையில் இல்லையென்றால் புனையாதீர்கள். நெறி ஒருபுறமிருக்க, பயிற்சி பெற்ற கேள்வியாளர் அடுத்தடுத்துத் துருவும்போது புனைந்த நிகழ்வில் விவரம் தீர்ந்துவிடும். “அதற்கு அவர் என்ன சொன்னார்?”, “வேறு என்ன வழியை யோசித்தீர்கள்?”, “அது எந்த நேரம்?” என்ற கேள்விகளுக்கு, நடந்ததைச் சொல்பவர் தடுமாறினாலும் புதிய விவரம் தருவார், புனைந்தவர் முன்பு சொன்னதையே சுற்றிச்சுற்றிச் சொல்வார். “சரியாக அதே சூழல் எனக்கு வந்ததில்லை, அதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். யோசிக்கச் சில நொடி மௌனமாக இருப்பதிலும் தவறில்லை. நமக்கு அந்த மௌனம் பதில் தெரியாததைப் போலத் தோன்றுவதால்தான் வாயைத் திறந்து மறுபடி கொள்கை பேசத் தொடங்குகிறோம்.

கடைசியாக, பலர் அஞ்சும் ஒரு கேள்வி: “நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்.” நமக்குப் பழகிய நேர்காணலில் குறையை ஒப்புக்கொண்டால் வாய்ப்புப் போய்விடும் என்று நினைத்து, “அதிகமாக உழைப்பதுதான் என் குறை” என்பதைப் போன்ற பதிலைச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாளில் அதற்குச் சான்று எதுவும் கிடைக்காது. இங்கே அளக்கப்படுவது, தவறு தெரிந்ததும் யாரிடம் சொன்னீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள், மறுபடி நிகழாமல் எதை மாற்றினீர்கள் என்பது. காப்பீட்டு கவுன்ட்டரில் இருந்தவர் இதற்கு வேறு நிகழ்வைத் தேட வேண்டியதே இல்லை. அந்த 12.50 மின்னஞ்சல் வந்தபோது ஷிஃப்ட்டில் இருந்தவர் அவர்தான், 3.30 வரை பெட்டியைத் திறக்காதவரும் அவர்தான். “அன்று மதியம் நான் ஒருமுறை பார்த்திருந்தால் அவர்கள் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார்கள்” என்று தொடங்கி, மீதியை முன்பு சொன்னபடியே சொல்லலாம்.